120 நாள் நெல்லுக்கு அறுவடைத் தேதி: விதைத்த நாளிலிருந்து எண்ணுவதா, பூத்த நாளிலிருந்து எண்ணுவதா, வெப்பத்தைக் கூட்டுவதா?

விதை மூட்டையில் "வயது 120 நாள்" என்று போட்டிருக்கிறது. நாற்றங்காலில் ஜூன் 15 அன்று விதைத்தாயிற்று. அறுவடை எந்தத் தேதியில் வரும்? பார்வைக்குப் பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் கடைசித் தண்ணீரை எப்போது வடிப்பது, அறுவடை இயந்திரத்துக்கு எப்போது சொல்லிவைப்பது, அடுத்த பயிருக்கு நிலம் எப்போது காலியாகும் என்ற மூன்று முடிவுகளும் இந்த ஒரு தேதியில்தான் தொங்குகின்றன. பத்து நாள் பிசகினால், பால் பிடித்துக்கொண்டிருக்கும் கதிருக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவோம். இல்லையென்றால், முற்றி உதிரும் வயலில் இயந்திரத்துக்காகக் காத்திருப்போம்.

தேதியைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. விதைத்த நாளோடு 120-ஐக் கூட்டுவது ஒன்று. பயிர் பூத்த பிறகு, பூத்த நாளோடு 30-ஐக் கூட்டுவது இன்னொன்று. அன்றாட வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு குறிப்பிட்ட தொகையை எட்டும் நாளைப் பிடிப்பது மூன்றாவது. இந்த மூன்றில் எதை எப்போது நம்பலாம் என்பதை ஒரே வயலை வைத்துப் பார்ப்போம்.

விதைத்த நாளோடு கூட்டுவது

கையால் எண்ணுகிறவர்கள் மாதம் மாதமாகக் கழித்துக்கொண்டு போவதே நல்லது. ஜூன் 15-க்குப் பிறகு அந்த மாதத்தில் மீதி 15 நாள். ஜூலை 31-ஐச் சேர்த்தால் 46. ஆகஸ்ட் முடிவில் 77. செப்டம்பர் முடிவில் 107. இன்னும் 13 வேண்டும். ஆக, அக்டோபர் 13.

சரியாக வந்ததா என்று பார்க்கக் கிழமை போதும். 120 என்பது 17 வாரமும் ஒரு நாளும். அதனால் விதைத்த கிழமைக்கு அடுத்த கிழமையில்தான் 120-ஆம் நாள் விழ வேண்டும். 2026-ல் ஜூன் 15 திங்கள்கிழமை. அக்டோபர் 13 செவ்வாய். கணக்கு சரி. வேறு கிழமை வந்தால் எங்கோ ஒரு மாதத்தை 30 என்பதற்குப் பதில் 31 என்றோ, 31 என்பதற்குப் பதில் 30 என்றோ எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

"120 நாள் என்றால் நாலு மாசம்தானே" என்று அக்டோபர் 15 எனக் குறித்துக்கொள்கிறவர்களும் உண்டு. பிசகு இரண்டே நாள். ஜூலை 1 அன்று விதைத்திருந்தால் 120-ஆம் நாள் அக்டோபர் 29. நாலு மாசக் கணக்கில் நவம்பர் 1 வரும், மூன்று நாள் கூடுதல். இடையில் பிப்ரவரி வந்தால் இந்த வித்தியாசமே காணாமல் போகும்: லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 15-ஓடு 120-ஐக் கூட்டினால் மே 15-தான். விதைத்த நாளையே முதல் நாளாக எண்ணுவதா, மறுநாளை எண்ணுவதா என்ற சண்டையும் அப்படித்தான், ஒரு நாளுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருஷா வருஷம் அதையே பின்பற்றினால் போதும்.

பல வயல், பல விதைப்புத் தேதி என்றால் எக்செல் தாள் வசதி. A பத்தியில் விதைப்புத் தேதி, B-யில் வயது, C-யில் இது:

```
=A2+B2
```

விடை 46308 என்று வந்தால் பதற வேண்டாம். எக்செல் தேதிகளை உள்ளுக்குள் ஓடும் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் 13-10-2026 என்று காட்டும். `#VALUE!` என்று வந்தால் A2-வில் இருப்பதை எக்செல் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. இந்த இரண்டும் கண்ணில் படும் தப்பு, அதனால் ஆபத்தில்லை. சத்தமில்லாமல் கெடுப்பது வேறொன்று. கணினியின் அமைப்பு மாதத்தை முன்னால் வைக்கும் முறையில் இருந்தால், ஜூன் 5 என்று நினைத்து 05/06/2026 எனப் போடுவதை அது மே 6 என்று படித்துக்கொள்ளும். விடையும் நல்ல தேதி போலவே வரும், ஆனால் 30 நாள் முன்னதாக. 2026-06-05 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது. இன்னொன்று: `=EDATE(A2,4)` என்று போட்டால் அது மாதத்தைத்தான் கூட்டும், நாளை அல்ல, நம் கணக்கில் அக்டோபர் 15 என்று தரும்.

விரலோ எக்செல்லோ, கூட்டலில் வரும் தப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளோடு முடிந்துவிடும். வயலில் இரண்டு வாரம், மூன்று வாரம் தள்ளிப்போவதற்குக் காரணம் கூட்டல் அல்ல, எண்ணத் தொடங்கிய இடம்.

நெல்லின் வயது என்று சொல்லப்படுவது விதை முளைக்கத் தொடங்கியதிலிருந்து மணி முற்றும் வரை. நாற்றங்காலில் இருக்கும் நாட்களும் அதில் அடக்கம். நம் வயலில் ஜூலை 8 அன்று, 23 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டதாக வைத்துக்கொள்வோம். நடவு நாளிலிருந்து 120 எண்ணினால் நவம்பர் 5 வரும். 23 நாள் தாமதம்! அதற்குள் நெல் முற்றிச் சாய்ந்து, உதிர்ந்து, வெயிலிலும் பனியிலும் மாறி மாறிக் காய்ந்து நனைந்து மணிக்குள் வெடிப்பு விட்டிருக்கும். அப்படிப்பட்ட நெல்லை அரைத்தால் நொய்தான் அதிகம் வரும்.

காய்கறி விதைப் பொட்டலங்களில் நிலைமை நேர் எதிர். தக்காளி, மிளகாய், கத்தரி போல நாற்று விட்டு நடும் செடிகளுக்குப் பொட்டலத்தில் போட்டிருக்கும் நாள் பெரும்பாலும் நட்ட நாளிலிருந்து முதல் பறிப்பு வரைதான். நெல் பழக்கத்தில் அதை விதைத்த நாளிலிருந்து எண்ணினால் காய் வருவதற்கு ஒரு மாதம் முன்பே கூடையோடு போய் நிற்போம். ஆகவே எண்ணைப் படிக்கும் முன் அது எங்கிருந்து எண்ணிய எண் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெல்லிலேயே இன்னொரு சிக்கல், புழுதியில் விதைக்கும்போது வரும். காய்ந்த மண்ணில் விழுந்த விதை நனையும் வரை சும்மா கிடக்கும். விதைத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் முளைக்கும் அளவுக்கு மழை பெய்ததென்றால், எண்ணிக்கை அந்த மழை நாளில் தொடங்குகிறது. நோட்டில் விதைத்த தேதியை மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பன்னிரண்டு நாளும் அப்படியே பிழையாகக் கடைசி வரை கூடவே வரும்.

தொடக்கம் சரியாக இருந்தாலும் 120 என்பது ஆணி அடித்த எண் அல்ல. நாற்றைப் பிடுங்கி நடும்போது வேர் அறுந்து, பயிர் நிலைகொள்ளச் சில நாள் எடுக்கிறது. அதே ரகத்தைச் சேற்றில் நேரடியாக விதைத்தால் ஒரு வாரம் பத்து நாள் முன்பே முற்றிவிடும். இளம்பருவத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் பூப்பு தள்ளிப்போகும். முதிர்ந்த நாற்றை நட்டாலும் மொத்த வயது நீளும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், விதைத்த நாளிலிருந்து எண்ணிய தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் விட்டுத்தான் படிக்க வேண்டும். நம் வயலுக்கு அது அக்டோபர் 6 முதல் 20 வரை. அடுத்த பயிரைத் திட்டமிட இது போதும். தண்ணீர் வடிக்கும் நாளைக் குறிக்கப் போதாது.

பூத்த நாளோடு 30-ஐக் கூட்டுவது

நெல்லின் வாழ்நாளை மூன்றாகப் பிரிக்கலாம். முளைத்துத் தூர்கட்டும் காலம், தண்டுக்குள் கதிர் உருவாகிப் பூ வரும் வரையான காலம், பூவிலிருந்து மணி முற்றும் காலம். வெப்பமான பகுதியில் 120 நாள் ரகத்துக்கு இவை ஏறக்குறைய 60, 30, 30 நாள். 150 நாள் ரகம் என்றால் கூடும் 30 நாளும் பெரும்பாலும் முதல் பகுதியில்தான் கூடுகிறது. கடைசி 30 கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

இந்த முறையின் பலமே அங்குதான் இருக்கிறது. நடவு அதிர்ச்சி, வயதான நாற்று, ஆரம்ப வறட்சி என்று நாட்களை இழுத்தடிப்பவை பெரும்பாலும் பூப்புக்கு முன்னால் நடந்து முடிந்துவிடுகின்றன. பூ வந்த நாள், அத்தனை தாமதத்தையும் தனக்குள் அடக்கிக்கொண்டுதான் வருகிறது. அதிலிருந்து எண்ணினால் பிழை வர எஞ்சியிருப்பது முப்பது நாள் மட்டுமே.

ஆனால் "பூத்த நாள்" எது என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஒரு கதிர் பூத்து முடிக்கவே ஒரு வாரம் போல ஆகும். வயல் முழுக்கப் பூக்க இரண்டு வாரம் வரை ஆகலாம். முதல் கதிரைப் பார்த்த நாளையும் எல்லாம் பூத்த நாளையும் விட்டுவிட்டு, பாதிக் கதிர்கள் பூத்த நாளைத்தான் எடுக்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்துச் சொல்வதும் உதவாது. ஓரப் பயிருக்கு வெளிச்சமும் சத்தும் அதிகம். அது வயலின் நடுப்பகுதி போல நடந்துகொள்வதில்லை. வரப்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே இறங்கி, ஐந்து இடத்தில், இடத்துக்கு 20 தூர் வீதம் எண்ணுங்கள். கதிர் வெளியே வந்து, திறந்த மணியில் மஞ்சள் மகரந்தப் பை தொங்குவதோ, தொங்கி வெளுத்துப்போனதோ தெரிந்தால் அந்தத் தூர் பூத்ததாகக் கணக்கு. முற்பகலில் போனால் பூ திறந்திருப்பதைக் கண்ணாரப் பார்க்கலாம்.

தினமும் போக முடியாது, தேவையும் இல்லை. நம் வயலில் செப்டம்பர் 17 அன்று 100-க்கு 38, செப்டம்பர் 20 அன்று 59 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் 21 கூடியிருக்கிறது, நாளுக்கு 7. அப்படியானால் 18-ஆம் தேதி 45, 19-ஆம் தேதி 52. பாதியைத் தாண்டிய நாள் செப்டம்பர் 19.

விதைப்புக் கணக்கு பூப்பை எப்போது எதிர்பார்த்தது? அக்டோபர் 13-லிருந்து 30 கழித்தால் செப்டம்பர் 13. வந்தது ஆறு நாள் தாமதமாக. புதிய அறுவடைத் தேதி, செப்டம்பரில் மீதி 11-உம் அக்டோபரில் 19-உமாக, அக்டோபர் 19.

ஆறு நாள்தானே என்று தோன்றும். தண்ணீரை வைத்துப் பாருங்கள். அறுவடைக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பு வயலை வடிப்பது வழக்கம். இயந்திரம் புதையாமல் ஓடவும் மணி ஒரே சீராக முற்றவும் அது வேண்டும். பத்து நாள் என்று வைத்தால், பழைய தேதிப்படி அக்டோபர் 3 அன்று வடித்திருப்போம். அன்றைக்குப் பயிர் பூத்து 14 நாள்தான் ஆகியிருக்கும். ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் பாலோ, பாலுக்கும் மாவுக்கும் நடுவான பிசினோ வரும் நேரம் அது. கதிரின் அடிப்பகுதி மணிகள் அப்போதுதான் நிரம்பத் தொடங்கியிருக்கும். மண் சீக்கிரம் காயும் வயலாக இருந்தால் அந்த மணிகள் பாதி நிரம்பிப் பதராகவோ, வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற அரிசியாகவோ முடியும். புதிய தேதிப்படி வடிப்பது அக்டோபர் 9, பூத்து 20 நாள். அதற்குள் மணி மாவுப் பருவத்தில் கெட்டிப்பட்டிருக்கும்.

இந்த 30-க்கும் எல்லை உண்டு. குளிரான காலத்திலும் வானம் மூடியே கிடக்கும் வாரங்களிலும் மணி முற்றுவது மெதுவாகும். குளிர்ப் பிரதேசங்களில் 30 என்பது இரண்டு மடங்கு வரை கூட நீள்கிறது. பூத்த பிறகு வறட்சி வந்தால் நேர் மாறாக, பயிர் அவசரமாகக் காய்ந்து தேதிக்கு முன்பே மஞ்சளாகிவிடும். அது முதிர்ச்சி அல்ல. மணியை எடுத்துப் பார்த்தால் ஒல்லியாகத்தான் இருக்கும். முறையின் பெரிய குறை ஒன்று, தேதி தெரிய வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடுகிறது. அடுத்த பயிருக்கு விதை வாங்கலாமா என்று ஜூலையில் கேட்கிறவருக்கு இதனால் பயனில்லை.

வெப்பத்தைக் கூட்டுவது

பயிர் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைத்தான் பார்க்கிறது என்பது இந்த முறையின் அடிப்படை. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுக்க வேண்டும். அதிலிருந்து, பயிர் வளர்ச்சி நின்றுபோகும் அடிப்படை வெப்பத்தைக் கழிக்க வேண்டும். நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் பொதுவாக 10 டிகிரி செல்சியஸ் வைக்கிறார்கள். உச்சம் 34, தாழ்வு 24 என்றால் சராசரி 29. 10 போக 19. இதுதான் அன்றைய வரவு. தினமும் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

போன முறை இதே ரகம் சராசரி 28 டிகிரியில் 120 நாளில் முற்றியது என்றால், நாளுக்கு 18 வீதம் மொத்தம் 2160. இந்த முறை விதைப்பு தள்ளிப்போய், காலம் குளிர்ந்து, சராசரி 26 என்றால் நாளுக்கு 16-தான் சேரும். 2160-ஐ எட்ட 135 நாள் வேண்டும். சராசரியில் இரண்டே டிகிரி குறைந்ததற்கு 15 நாள்! "போன தடவை சரியாக 120-ல் வந்ததே, இந்தத் தடவை ஏன் இழுக்கிறது" என்ற கேள்விக்குப் பல சமயம் பதில் இந்தக் கணக்கில் இருக்கும்.

அடிப்படை வெப்பம் 10-ஆ 8-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 8 என்று வைத்தால் மொத்தம் 2400, இந்த முறை நாளுக்கு 18, விடை 133 நாள்; இரண்டு நாள்தான் வித்தியாசம். ஆனால் மொத்தத்தை ஒரு அடிப்படையிலும் அன்றாட வரவை இன்னொன்றிலும் எடுத்துக் கலந்துவிட்டால் எல்லாம் கெட்டது. 2160-ஐ 18-ஆல் வகுத்தால் மறுபடியும் 120 வந்து நிற்கும், குளிரே வராதது போல. வேறெங்கோ இருந்து எடுத்த மொத்தத்தைப் பயன்படுத்தும்போது இந்தக் கலப்படம் எளிதில் நடக்கும்.

இந்த முறை கேட்கும் விலை, ஒரு பருவம் முழுக்க அன்றாட வெப்பக் குறிப்பு, அதுவும் குறைந்தது ஒரு முந்தைய பருவத்துக்காவது. வெப்பமானி நிழலில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டினால் தினமும் பொய் வரவு சேரும். கடும் வெயில் நாட்களிலும் கணக்கு ஏமாற்றும். உச்சம் 30-ஐத் தாண்டிய பிறகு வளர்ச்சி அதே வேகத்தில் கூடுவதில்லை, எண் மட்டும் கூடிக்கொண்டிருக்கும். அதனால்தான் மக்காச்சோளக் கணக்கில் உச்சத்தை 30-லேயே நிறுத்திவிடுகிறார்கள். வழக்கமான பருவத்திலேயே விதைத்து, வழக்கமான வானிலையே இருக்கிறவருக்கு இத்தனை சிரமம் வீண். விதைப்பு மூன்று நாலு வாரம் தள்ளிப்போய்ப் பயிர் வேறு காலத்துக்குள் நுழையும்போதுதான் இது தன் உழைப்புக்கு ஈடு கொடுக்கிறது.

ஒரு வகை நெல்லுக்கு விதைப்புக் கணக்கும் வெப்பக் கணக்கும் இரண்டுமே உதவாது: பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும் நெடுங்கால ரகங்கள். அவற்றை ஒரு மாதம் தள்ளி விதைத்தாலும் பூப்பு சில நாள்தான் தள்ளும், வயதுதான் சுருங்கும். அவற்றுக்கு "வயது" என்று போட்டிருக்கும் எண் ஒரு குறிப்பிட்ட விதைப்புக் காலத்துக்கு மட்டும் பொருந்துவது. பூத்த நாள் கணக்கு ஒன்றுதான் அங்கே செல்லும்.

எதை எடுப்பது

விதைத்த அன்றே 120-ஐக் கூட்டி, முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இயந்திரக்காரருக்கு அந்த இரண்டு வாரத்தைச் சொல்லுங்கள், ஒற்றைத் தேதியைச் சொல்லாதீர்கள். 85-ஆம் நாள் தாண்டியதும் கதிரைப் பார்க்கத் தொடங்குங்கள். பாதி பூத்த நாள் கிடைத்ததும் பழைய தேதியை அடித்துவிட்டு, பூத்த நாளோடு 30-ஐப் போடுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது தப்பு. பூப்பு நடந்து முடிந்த செய்தி, விதைப்புக் கணக்கு வெறும் எதிர்பார்ப்பு. செய்தி வந்த பிறகு எதிர்பார்ப்புக்குப் பங்கு கொடுக்கக் கூடாது. இரண்டு தேதிக்கும் பத்து நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் மட்டும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்: நடவு நாளை விதைப்பு நாளாக எழுதியிருக்கலாம், ரகமே மாறியிருக்கலாம்.

தேதிக்கு நாலைந்து நாள் முன்பிருந்து மணிதான் பேச வேண்டும். ஐந்து இடத்தில் கதிர் பறித்து, நூறு மணியில் 80 முதல் 85 வைக்கோல் நிறமாகி, கதிரின் அடி மணிகளும் பல்லில் கடித்தால் கெட்டியாக இருந்தால் அறுக்கலாம். ஈரப்பதமானி இருந்தால் 20-க்கும் 25-க்கும் இடையில் காட்டும் சதவீதம் சரியானது. நூறில் 70-தான் நிறம் மாறியிருக்கிறது, நாட்காட்டியோ அக்டோபர் 19 என்கிறது என்றால் மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். பிந்தித் தழைச்சத்து போட்ட வயலிலும், நட்ட இரண்டு வாரம் கழித்து இடைவெளியில் நாற்றுப் போட்டு நிரப்பிய வயலிலும் இப்படி நடக்கும். அங்கே பிந்திய தூர்கள் எல்லாம் பழுக்கும் வரை காத்திருந்தால் முந்திய கதிர்கள் கொட்டிவிடும். பெரும்பான்மைத் தூர்கள் 80-ஐத் தொட்ட நாளிலேயே அறுத்துவிட்டு, பச்சை மணிகளைத் தூற்றும்போது பிரித்துக்கொள்வதே நஷ்டம் குறைந்த வழி.